ஏற்புக் கையெழுத்தும் இன்வாய்ஸும் ஒரே நாளில்

*நாகர்கோவிலில் ஐந்து பேருடன் ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். குலசேகரம் பக்கம் மூன்று டெப்போ வைத்து ரப்பர் பால் வாங்கும் வியாபாரி ஒருவருக்குக் கொள்முதல், பட்டுவாடா, இருப்பு எல்லாம் சேர்ந்த மென்பொருள் எழுதுகிறோம். ஒன்பது லட்சம் பேசி, 30% முன்பணம், "பணி முன்னேறும்போது" 40%, முடிந்ததும் 30% என்று எழுதிக்கொண்டோம். முன்பணம் வந்தது. ஐந்தாம் மாதம் 40 சதவீதத்துக்கு இன்வாய்ஸ் அனுப்பினேன். "இன்னும் முடியலையே" என்கிறார். ஆனால் ஒரு டெப்போவில் தினமும் எங்கள் பில்தான் ஓடுகிறது. நான் ஜிஎஸ்டி 64,800 ரூபாயைக் கையிலிருந்து கட்டிவிட்டேன். அவர் நல்ல மனிதர், உறவு கெடக்கூடாது. இனி எந்த வேலைக்கு எந்த இன்வாய்ஸ் என்று எப்படி முடிச்சுப் போடுவது?*

*— ஒரு வாசகர், நாகர்கோவில்*

வணக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் இடறுவது "பணி முன்னேறும்போது" என்ற சொற்றொடர்தான். அது எந்தத் தேதியில் நடந்தது என்று உங்களாலும் சொல்ல முடியாது, அவராலும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதி முடித்த நிரல்களை எண்ணி "முக்கால்வாசி ஆகிவிட்டது" என்கிறீர்கள். அவர் மூன்று டெப்போவில் ஒன்றுதானே ஓடுகிறது என்று பார்த்து "முடியலையே" என்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறீர்கள். பணம் எப்போது கொடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் ஒரு நிகழ்ச்சி அந்தத் தாளில் இல்லை. அதனால் இன்வாய்ஸ் ஒரு கோரிக்கையாக மட்டும் அவர் மேசையில் கிடக்கிறது.

அந்த நிகழ்ச்சி என்னவாக இருக்க வேண்டும் என்றால், அவர் ஒரு பகுதியைச் சோதித்துப் பார்த்து, ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்ட நாள். வேலை முடிந்த நாளையோ நீங்கள் அனுப்பிய நாளையோ அதற்கு வைக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஒப்படைப்பு, அதற்கு ஒரு சோதனை, அதன் முடிவில் ஒரு ஏற்புச் சான்று, அந்தச் சான்றின் எண்ணைத் தாங்கிய ஒரு இன்வாய்ஸ் என்று ஒரே சங்கிலியாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. "கட்டணத் தவணைகள் பின்வருமாறு மாற்றப்படுகின்றன" என்று இரண்டு பக்கத்தில் ஒரு துணை ஒப்பந்தம் போட்டு இருவரும் கையெழுத்திட்டால் போதும்.

முதலில் கட்டங்களைப் பிரிப்போம். பல மென்பொருள் நிறுவனங்கள் இதில்தான் தடம் மாறிப் போகின்றன. "தரவுத்தள வடிவமைப்பு முடிந்தது", "திரைகள் முடிந்தன", "சர்வர் பக்கம் முடிந்தது" என்று தங்கள் வேலைமுறையை அப்படியே கட்டங்களாக எழுதிவிடுகிறார்கள். ரப்பர் பால் வாங்குகிறவருக்குத் தரவுத்தள வடிவமைப்பை எப்படிச் சோதிப்பது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சோதிக்கத் தெரியாத ஒன்றை யாரும் மனம் ஒப்பி ஏற்க மாட்டார்கள். கையெழுத்துப் போடும்போது தயங்குவார்கள், அல்லது பார்க்காமலே போட்டுவிட்டுப் பிறகு சண்டைக்கு வருவார்கள். ஒரு கட்டம் என்பது, அடுத்த கட்டம் வராவிட்டாலும் அவருடைய டெப்போவில் தனியாகப் பயன்படும் துண்டாக இருக்க வேண்டும்.

உங்கள் ஒன்பது லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் கட்டம் டெப்போ கொள்முதல், அதாவது தோட்டக்காரர் பதிவு, எடை, பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று காட்டும் டி.ஆர்.சி., அன்றைய விலை, பில்: 2,40,000 ரூபாய். இரண்டாவது பட்டுவாடா, அதாவது கொடுத்த முன்பணத்தைக் கழித்து வாரக் கணக்கு முடிப்பது: 2,10,000. மூன்றாவது இருப்பும் விற்பனையும்: 1,80,000. நான்காவது பழைய கணக்குகளை ஏற்றி மூன்று டெப்போவையும் சேர்த்து ஓட்டுவது: 1,80,000. கடைசியாக 90,000 ரூபாய் பிழைதிருத்தக் காலத்துக்கு. கூட்டினால் 9,00,000 வரும்.

வாங்கிய முன்பணம் 2,70,000 ரூபாயை முதல் கட்டத்திலேயே முழுக்கக் கழித்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் முதல் கட்டத்தில் அவர் உங்களுக்கு ஒன்றும் தர வேண்டியிருக்காது, உங்கள் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்காது. ஒவ்வொரு கட்டத்திலும் அதன் மதிப்பில் 30% கழியுங்கள். முதல் கட்டத்தில் 72,000, இரண்டாவதில் 63,000, மூன்றிலும் நான்கிலும் 54,000, கடைசியில் 27,000. இந்தக் கணக்கைத் துணை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நடுவில் யார் காரணத்தாலோ வேலை நின்றுபோனால், முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது சோதனை. இதில் நேரம் செலவழியுங்கள், மற்ற எல்லாம் இதைச் சார்ந்துதான் நிற்கிறது. "கொள்முதல் பகுதி சரியாக இயங்க வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். முதல் கட்டத்தையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

ரப்பர் பால் பில்லின் கணக்கு உங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். கொண்டுவந்த பாலின் எடையை டி.ஆர்.சி. சதவீதத்தால் பெருக்கினால் அதிலுள்ள உலர் ரப்பரின் எடை. அதை அன்றைய விலையால் பெருக்கினால் தொகை. 42.5 கிலோ பால், டி.ஆர்.சி. 34 என்றால் உலர் எடை 14.45 கிலோ. விலை கிலோவுக்கு 190 என்று வைத்துக்கொண்டால் 2,745 ரூபாய் 50 காசு. இதில் குழப்பமே இல்லை. இப்போது 37.3 கிலோ, டி.ஆர்.சி. 33.7 என்று எடுங்கள். உலர் எடை 12.5701 கிலோ. உங்கள் மென்பொருள் அதை 12.57 என்று வைத்துக்கொண்டு 2,388 ரூபாய் 30 காசு போடும். டெப்போவில் இருக்கும் கணக்கர் பல வருடமாக ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கி 12.6 என்று எழுதிவருகிறவராக இருந்தால் அவர் கணக்கில் 2,394 ரூபாய். ஒரு பில்லில் 5 ரூபாய் 70 காசு வித்தியாசம். இருவரும் சரியாகத்தான் பெருக்கினார்கள். ஆனால் தோட்டக்காரர் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து "கம்ப்யூட்டர் வந்ததும் குறையுதே" என்று கேட்டால், "மென்பொருள் கணக்கு தப்பு" என்ற பேச்சு முதலாளியிடம் போய்விடும். உங்கள் இன்வாய்ஸ் அந்த ஐந்து ரூபாயில் போய் நிற்கும்.

அதனால் ஏற்புச் சோதனையின் முதல் வரியே இப்படி இருக்கட்டும்: "உலர் எடை இரண்டு தசம இடத்துக்கும் தொகை காசு வரைக்கும் முழுமையாக்கப்படும்." அல்லது அவர் வழக்கப்படி ஒரு தசம இடம். எது என்பது அவருடைய முடிவு, ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது வரி: "ஒரு டெப்போவின் பழைய நோட்டிலிருந்து, முதலாளி தேர்ந்தெடுக்கும் ஒரு வாரத்தின் 60 பில்கள் மென்பொருளில் பதியப்படும். மேலே சொன்ன விதிப்படி கையால் கணக்கிட்ட தொகையுடன் 60 பில்களும் ஒத்துப்போக வேண்டும்." பதிவது டெப்போவின் கணக்கராக இருக்க வேண்டும், உங்கள் பையன்களாக இருக்கக்கூடாது. உங்கள் ஆள் பதிந்தால் கணக்கு சரிதானா என்பது மட்டும் தெரியும். கணக்கர் பதிந்தால், அவரால் இதை ஓட்ட முடியுமா என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். பிறகு "எங்க ஆளுக்கு இது வரலை" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பழைய நோட்டிலிருந்து என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர் மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நம்மை நனைக்கிறது. அடைமழையில் பால்வெட்டு நின்றுவிடும், டெப்போவுக்குப் பால் வராது. இலை உதிரும் பருவத்தில் மரத்துக்கு ஓய்வு விடும் வாரங்களிலும் அப்படித்தான். "இரண்டு வாரம் நேரடியாக ஓட்டிப் பார்த்துவிட்டு ஏற்கப்படும்" என்று எழுதினால், உங்கள் பணம் வானிலையின் கையில் போய்விடும். நேரடி ஓட்டம் நான்காம் கட்டத்துக்கு அவசியம், அதைப் பிறகு சொல்கிறேன். முதல் மூன்று கட்டங்களையும் பழைய தரவில் சோதிக்க முடிகிற மாதிரி எழுதுங்கள்.

இன்னும் இரண்டு வரிகள் தேவை. டி.ஆர்.சி. மாதிரியை உலர்த்திப் பார்த்த முடிவு பில் போட்ட பிறகுதான் வரும் என்றால், திருத்தும்போது முதல் பதிவு அழியாமல், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், நேரம் நான்கும் தெரிய வேண்டும். இதற்கு ஐந்து பில்களைத் திருத்திப் பார்த்தால் போதும். அடுத்தது இணையம். மலையோரத்து டெப்போவில் இணைப்பு அடிக்கடி போகும். இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பத்து பில்கள் போட்டு, மறுபடி இணைத்ததும் பத்தும் தலைமைக் கணக்கில் ஒரே ஒரு முறை வர வேண்டும், ஒன்றுகூட இரட்டிக்கக்கூடாது. இரட்டித்தால் பட்டுவாடாவில் ஒரே தோட்டக்காரருக்கு இரண்டு முறை பணம் போகும், அதைத் திரும்பப் பிடிப்பது பெரும் வேலை.

முதல் கட்டத்துக்கு இந்த நான்கு வரி போதும். ஐம்பது வரி எழுதிவிடாதீர்கள். சோதனை அரை நாளில் முடியவில்லையென்றால் அவர் சோதிக்கவே மாட்டார்.

சரி, சோதித்தார், சில பிழைகள் தெரிந்தன. அப்போது என்ன செய்வது என்பதும் முன்னாலேயே எழுதப்பட வேண்டும். பிழையை இரண்டாகப் பிரித்தால் போதும். பில் போட முடியாமல் தடுப்பதும், தொகையைத் தவறாகக் காட்டுவதும், தரவை இழப்பதும் தடைப் பிழை. அது இருக்கும்வரை ஏற்பு கிடையாது. எழுத்து சிறிதாக இருக்கிறது, தாளில் ஓரம் ஒட்டவில்லை, அறிக்கையில் வரிசை மாற வேண்டும் என்பவை சிறு பிழை. அவற்றைச் சான்றின் கீழே தேதியோடு பட்டியலிட்டு, கட்டத்தை ஏற்க வேண்டும். இந்தப் பிரிவு இல்லாத ஒப்பந்தங்களில் தாளின் ஓரத்துக்காக லட்சக்கணக்கில் பணம் நிற்பதை நிறையப் பார்க்கிறேன்.

இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் உறவைக் கெடுப்பது. "ஒட்டுப்பாலுக்கும் பில் போடணுமே, அது இல்லாம எப்படி ஏத்துக்குறது" என்பார். அவர் கேட்பது நியாயமான தேவை. ஆனால் அது பிழையா, புதிய வேலையா? கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அவர் சொல்லும் குறை, ஏற்புச் சோதனையின் எந்த வரியை மீறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வரியைக் காட்ட முடிந்தால் பிழை, நீங்கள் இலவசமாகத் திருத்த வேண்டும். எந்த வரியும் இல்லையென்றால் மாற்றக் கோரிக்கை. அதற்குத் தனித் தாள், தனி விலை, தனித் தேதி. நடப்புக் கட்டத்தின் ஏற்பு அதற்காகக் காத்திருக்கக்கூடாது. இதைக் கோபமில்லாமல் சொல்லலாம்: "கண்டிப்பா செஞ்சு தர்றோம் அண்ணாச்சி, இதுக்கு எட்டு நாள் வேலை இருக்கு, தனியா எழுதித் தர்றேன்." சிறிய கோரிக்கை ஒன்றிரண்டை இலவசமாகச் செய்வதானாலும் தாளில் எழுதி, விலை பூஜ்யம் என்று போடுங்கள். எழுதாமல் செய்ததெல்லாம் ஒப்பந்தத்தில் முதலிலிருந்தே இருந்த மாதிரி ஆகிவிடும்.

யார் கையெழுத்துப் போடுவது? குடும்ப வியாபாரங்களில் வேலை சொல்வது மகன், பயன்படுத்துவது கணக்கர், பணம் கொடுப்பது அப்பா. கணக்கர் "நல்லா இருக்கு" என்று சொன்னதை ஏற்பாக எடுத்துக்கொண்டு இன்வாய்ஸ் அனுப்பினால், அப்பா "எனக்கு யாரும் காட்டலையே" என்பார். ஏற்கும் அதிகாரம் யாருக்கு, அவர் ஊரில் இல்லாவிட்டால் அவருக்குப் பதில் யார் என்று இரண்டு பெயர்களைத் துணை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவர்களின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் ஏற்பும் செல்லும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் படத்தை வாட்ஸாப்பில் பார்த்துவிட்டு இன்வாய்ஸ் போடாதீர்கள்.

மௌனத்துக்கும் ஒரு விதி வேண்டும். ஒப்படைத்த பத்து நாட்களுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் அந்தக் கட்டம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று எழுதலாம். அதேபோல, அன்றாட வியாபாரத்துக்கு அந்தப் பகுதியைப் பயன்படுத்தத் தொடங்கினாலும் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்றும் எழுதலாம். உங்கள் ஒப்பந்தத்தில் இந்த இரண்டாவது வரி இருந்திருந்தால், டெப்போவில் ஓடும் பில்லே உங்களுக்குச் சாட்சியாகியிருக்கும்.

இதில் சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் "ஏற்பு நாள்" என்பதற்கே வரையறை இருக்கிறது. சேவை அளித்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், அளித்த நாளே ஏற்பு நாளாகக் கருதப்படும். எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், நீங்கள் அதைத் தீர்த்த நாள் ஏற்பு நாள். பணம் கொடுக்கும் கெடுவை ஒப்பந்தத்தில் எப்படி எழுதினாலும் அந்த நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாக. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராத வியாபாரி, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்ற விதியும் 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து இருக்கிறது. இது அவருடைய ஆடிட்டருக்கு நன்றாகத் தெரியும். உங்களிடம் உத்யம் பதிவு இல்லையென்றால் இந்த வாரமே எடுங்கள், கட்டணம் கிடையாது. பதிவுக்கு முன் முடிந்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பை நம்பி இருக்காதீர்கள். இவ்வளவையும் சொன்னது அவர்மேல் புகார் போடுவதற்காக இல்லை. சட்டத்தின் கடிகாரமே ஏற்பு நாளிலிருந்துதான் ஓடுகிறது, அந்த நாளை நிரூபிக்கும் தாள் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தத் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். சான்று எண், கட்டத்தின் பெயர், சோதித்த தேதியும் இடமும், சோதனை வரிகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிவு, நிலுவையிலுள்ள சிறு பிழைகளும் அவற்றின் தேதியும், ஏற்பவரின் பெயரும் கையெழுத்தும். இவற்றோடு, எந்தப் பதிப்பைச் சோதித்தார் என்பதும் அவசியம் இருக்க வேண்டும். ஏற்ற பிறகும் நீங்கள் நிரலை மாற்றிக்கொண்டுதான் இருப்பீர்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு பிழை வந்தால், அது அன்று ஏற்றதில் இருந்ததா, பிறகு நுழைந்ததா என்று தெரிய வேண்டும். சோதனைக்குக் கொடுக்கும் முன்பே பதிப்புக்கு ஒரு குறி போட்டுவிடுங்கள்:

```
git tag -a m1-rc2 -m "Phase 1 for acceptance"
git push origin m1-rc2
```

சோதனையில் தடைப் பிழை வந்து திருத்தினால் அடுத்தது `m1-rc3`. எந்தக் குறியுள்ள பதிப்பு தேறியதோ அதன் பெயர் சான்றில் ஏறும், சான்றின் எண் இன்வாய்ஸில் ஏறும்.

இன்வாய்ஸில் விவரம் எழுதும் இடத்தில் "மென்பொருள் பணி, இரண்டாம் தவணை" என்று போடாதீர்கள். முதல் கட்டத்துக்கு இப்படி இருக்கலாம்: "கட்டம் 1, டெப்போ கொள்முதல். ஏற்புச் சான்று எண் 1, பதிப்பு m1-rc2." அதன் கீழே மதிப்பு 2,40,000. சிஜிஎஸ்டி 9% 21,600, எஸ்ஜிஎஸ்டி 9% 21,600. மொத்தம் 2,83,200. அதில் முன்பணத்திலிருந்து கழிப்பது 72,000, அதற்கு ஏற்கெனவே கட்டிய வரி 12,960, சேர்த்து 84,960. அவர் இப்போது தர வேண்டியது 1,98,240 ரூபாய். சேவைக்கு முன்பணம் வாங்கினால் வாங்கியபோதே ஜிஎஸ்டி வந்துவிடும், அதனால் முன்பணத்துக்கான வரியை அப்போதே அவரிடம் வாங்கிக் கட்டியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். அந்த வரியை GSTR-1 படிவத்தில் முன்பணச் சரிக்கட்டலாகக் காட்ட வேண்டும். சான்றின் நகலை இன்வாய்ஸுடன் சேர்த்தே அனுப்புங்கள். பணம் அனுப்பும் ஆள் வேறு யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.

இன்வாய்ஸின் தேதியை மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, தவணை தவணையாகப் பணம் தர ஒப்புக்கொண்ட வேலை ஜிஎஸ்டியில் தொடர் சேவை. பணம் ஒரு நிகழ்ச்சி முடிவதோடு இணைக்கப்பட்டிருந்தால், அந்த நிகழ்ச்சி முடியும் நாளிலோ அதற்கு முன்போ இன்வாய்ஸ் போட வேண்டும் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 31(5) பிரிவு. அந்த நிகழ்ச்சி எது என்பதை ஒப்பந்தம்தான் சொல்கிறது. "நிரல் ஒப்படைத்ததும்" என்று இருந்தால், அவர் சோதிப்பதற்கு முன்பே வரி உங்கள் தலையில் ஏறிவிடும். "ஏற்புச் சான்று கையெழுத்தானதும்" என்று இருந்தால், கையெழுத்து வாங்கும் அன்றே இன்வாய்ஸ் போட்டால் சரி. ஏற்கப்படாத வேலைக்கு வரி கட்டும் நிலை வராது. அதற்கு முன் தொகையைத் தெரிவிக்க வேண்டுமென்றால் புரோஃபார்மா அனுப்புங்கள், அதற்கு வரி இல்லை.

இப்போது ஏற்கெனவே போட்ட 3,60,000 ரூபாய் இன்வாய்ஸ். நேரில் போய்ப் பேசுங்கள், இதற்குத் தொலைபேசி போதாது. பணத்தைப் பற்றித் தொடங்காமல், மேலே சொன்ன ஐந்து கட்டங்களையும் முதல் கட்டத்தின் நான்கு சோதனை வரிகளையும் அவர் முன் வையுங்கள். முதல் கட்டம் ஒரு டெப்போவில் ஓடிக்கொண்டிருப்பதால் சோதனை அன்றே முடியலாம். சான்று எண் 1 கையெழுத்தான பிறகு, பழைய இன்வாய்ஸுக்கு எதிராக 1,20,000 ரூபாய்க்கு, அதன் வரி 21,600 ரூபாயுடன், கிரெடிட் நோட் போடுங்கள். அந்த இன்வாய்ஸில் மிஞ்சுவது 2,40,000, அதாவது முதல் கட்டத்தின் மதிப்பு. முன்பணத்தைக் கழித்த பிறகு அவர் தருவது அதே 1,98,240. நீங்கள் கட்டிய 64,800 ரூபாயில் கிரெடிட் நோட்டின் 21,600ம் முன்பணச் சரிக்கட்டலில் 12,960ம் ஆக 34,560 ரூபாய் உங்கள் அடுத்த வரிக் கணக்கில் குறையும். மீதி 30,240 அவர் தரும் பணத்தில் வந்துவிடும்.

இது நடக்க அவருடைய ஆடிட்டரின் ஒத்துழைப்பு தேவை. பழைய இன்வாய்ஸின் வரியை அவர் உள்ளீட்டு வரியாக எடுத்திருந்தால், கிரெடிட் நோட்டுக்கு உரிய பகுதியைத் திருப்ப வேண்டும். அவர் திருப்பாமல் உங்கள் வரி குறையாது. கிரெடிட் நோட்டுக்குக் கெடுவும் உண்டு: இன்வாய்ஸ் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் கணக்கில் காட்ட வேண்டும், அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அன்றோடு வாய்ப்பு முடிந்தது. உங்கள் ஆடிட்டரிடம் துணை ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். ஆடிட்டர்கள் இருவரும் பேசும்போது இன்னொன்றும் தானாகவே வெளியே வரும்: இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், அவர் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியுடன் திருப்ப வேண்டிவரும். இழுத்துக்கொண்டே போவது அவருக்கும் லாபமில்லை.

நான்காம் கட்டத்துக்கு வருவோம். பழைய நோட்டும் மென்பொருளும் இரண்டும் சேர்ந்து ஓடும் காலம் இது. மூன்று டெப்போவிலும் ஒரு முழு வாரக் கணக்கு இரண்டிலும் ஒத்துப்போனால் ஏற்பு என்று எழுதுங்கள். மழையால் பால் வராத நாட்களை இந்த வாரத்தில் எண்ண வேண்டாம், ஆனால் அப்படி 30 நாள் கடந்துவிட்டால் பழைய ஒரு மாதத் தரவை ஏற்றிப் பார்த்து முடிக்கலாம் என்ற மாற்று வழியும் இருக்கட்டும். பழைய பாக்கி விவரங்களைத் தர வேண்டியது அவர். அவர் தருவது தாமதமானால் உங்கள் தேதியும் அத்தனை நாள் தள்ளும் என்பதும் எழுத்தில் வேண்டும். நான் பார்த்த வரையில் கடைசிக் கட்டங்கள் நிற்பதற்கு மிகப் பெரிய காரணம் வராத தரவுதான்.

மிச்சமுள்ள 90,000 ரூபாயை மட்டும் ஏற்போடு இணைக்காதீர்கள். நான்காம் சான்றின் தேதியிலிருந்து 90 நாள் என்று நாட்காட்டித் தேதியோடு இணையுங்கள். அதற்குள் தெரியவரும் தடைப் பிழைகளை நீங்கள் இலவசமாகத் திருத்த வேண்டும். தொண்ணூறாம் நாளில் எழுத்தில் பதிவான தடைப் பிழை எதுவும் நிலுவையில் இல்லையென்றால் அன்றே இன்வாய்ஸ் போகலாம், புதிய கையெழுத்து தேவையில்லை. மூல நிரலையும் சர்வர் கடவுச்சொற்களையும் ஒப்படைப்பது நான்காம் கட்டப் பணம் வந்த பிறகு என்று இப்போதே எழுதிவிடுங்கள். அதுவரை அவருடைய தரவை எந்த நேரமும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளும் வசதியை முதல் கட்டத்திலிருந்தே திறந்து வையுங்கள். தன் தோட்டக்காரர்களின் கணக்கு தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தால், நிரலை நீங்கள் வைத்திருப்பது பற்றி அவர் கவலைப்பட மாட்டார்.